நாற்பது பங்கின் விலை

சீமைப் பிஸ்கட் டின் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரிய முதலாளி வைரவநாதன் மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்ததும் நிஸாம் திறந்திருந்த பேரேட்டை மூடிவைத்தார். பதுளைக் கடைத்தெருவில் அந்த மனிதர் யாருக்கும் ஒரு வெற்றிலைகூடச் சும்மா கொடுத்ததில்லை.

நிஸாம் கணக்குப் பரிசோதகர். கொழும்பில் ஆறு வருஷம் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் பேரேடு புரட்டி, பரீட்சை எழுதித் தேறி, துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் அறை எடுத்துப் பலகை மாட்டியிருந்தார். பதுளைக்கு ரயில் வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. ரயிலோடு வியாபாரமும் ஊதியது. வியாபாரத்தோடு வழக்கும் ஊதியது. அவருக்கு வேலைக்குக் குறைவில்லை.

“நானா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார் வைரவநாதன், முஸ்லிம்களை அண்ணன் முறையில் கூப்பிடும் ஊர் வழக்கப்படி. டின்னை மேசையில் வைத்தார். உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். தேயிலை விலையைப் பற்றிப் பேசினார். பிறகு மெதுவாக, “நம்ம தங்கச்சி பரிமளம் பங்கு இருக்கில்ல, அந்த நாப்பது? அதுக்கு ஒரு விலை எழுதணும்” என்றார்.

விஷயம் இதுதானா என்று நிஸாம் பேனாவைக் கீழே வைத்தார்.

‘முருகையா அன் சன்ஸ் லிமிட்டெட்’ என்ற அந்தக் கம்பனியைப் பதுளையில் அறியாதவர் இல்லை. பசறைப் பக்கம் இருநூறு ஏக்கர் சந்தனமலைத் தோட்டம், கடைத்தெருவில் பெரிய மளிகைக் கடை, கடையிருக்கும் கட்டடம். கிழவர் முருகையா சாகுமுன் ஆயிரம் பங்கையும் பிரித்து எழுதிவைத்தார். மூத்தவர் வைரவநாதனுக்கு நானூற்றுத் தொண்ணூறு. இளையவர் தங்கராஜாவுக்கு நானூற்றெழுபது. மிச்சம் நாற்பது மகள் பரிமளத்துக்கு. பலகையில் ‘சன்ஸ்’ என்று மகன்களை மட்டும் போட்டுவிட்ட கிழவர், மகளைக் கம்பனியின் நடுவில் உட்காரவைத்துவிட்டுப் போனது தெரிந்தா தெரியாமலா என்று யாருக்கும் தெரியாது.

பரிமளம் விதவை. புருஷன் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அப்பா போன நாளிலிருந்து அவள் கம்பனியில் செய்த ஒரே காரியம், வருஷத்துக்கொரு தடவை அண்ணன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டதுதான். பொதுக்கூட்டத்தில் தனக்குப் பதிலாக அண்ணனே கை உயர்த்தலாம் என்ற ஒப்புதல் அது. அந்தக் கையெழுத்தின் பலத்தில் வைரவநாதன் மனேஜிங் டைரக்டரானார். தன் சம்பளத்தை இரண்டு தடவை தானே கூட்டிக்கொண்டார். லாபப் பங்கு மட்டும் அப்பா போன இந்த மூன்று வருஷமாக யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டால், “போர்டு முடிவு” என்பார். போர்டு என்றால் அவரும் அவருடைய மச்சானும்.

“இப்ப எதுக்கு முதலாளி வாங்கப் பாக்கறீங்க?” என்று நிஸாம் கேட்டார்.

“தங்கராஜா போன மாசம் ரெண்டு தடவ அவ வீட்டுக்குப் போயிருக்கான். ஒரு தடவ பலாப்பழத்தோட.”

அண்ணன் பிஸ்கட், தம்பி பலாப்பழம். நிஸாம் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

வைரவநாதன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். “உங்களுக்குச் சிரமம் வேணாம்னு நானே போட்டுட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்க.”

தாளில் கணக்கு மணிமணியான எழுத்தில் இருந்தது. கொழும்பு புரோக்கர்கள் அச்சடித்து விற்கும் விலைத்தாளில், சந்தனமலை மாதிரியே மண்ணும் மகசூலும் உள்ள தேயிலைக் கம்பனி ஒன்றின் பங்கு விலையை எடுத்திருந்தார். அந்த வீதத்தில் பார்த்தால் முருகையா கம்பனியின் பங்கு ஒன்று இருநூற்று நாற்பது. பரிமளத்தின் பங்குக்கு அதிகாரம் இல்லை என்று விலையில் ஐந்தில் ஒன்றைக் கழித்திருந்தார். அந்தப் பங்கை வெளியே யாரும் வாங்கமாட்டார்கள் என்று மிச்சத்தில் கால்வாசியைக் கழித்திருந்தார். கடைசியில் நூற்று நாற்பத்து நான்கு.

நிஸாம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு தடவை வாசித்தார். ஒரு கள்ளத்தனத்தை இவ்வளவு நேர்த்தியாகச் செய்ததை அவர் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

“முதலாளி, கொழும்பு விலைத்தாளில யார் யார் வாங்கி விக்கிறாங்க?”

“யார் வேணும்னாலும். பத்து பங்கு, இருபது பங்குன்னு.”

“பத்து பங்கு வாங்கினவன் அந்தக் கம்பனிக்கு முதலாளி ஆயிருவானா?”

வைரவநாதன் தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார்.

“ஆகமாட்டான். அவனுக்கும் அதிகாரம் இல்லைதானே. அதிகாரமில்லாத பங்குக்குக் குடுக்கிற விலைதான் அந்த இருநூத்தி நாப்பது. அந்த ஐஞ்சுல ஒண்ணு அதுக்குள்ளேயே கழிஞ்சு போச்சு. நீங்க மறுபடி கழிக்கிறீங்க. ஒரே ஆட்டுக்கு ரெண்டு தடவ தோல் உரிச்சா எப்படி?”

“நானா, கண்டுபிடிச்சிட்டீங்களே” என்று வைரவநாதன் கொஞ்சமும் கூச்சப்படாமல் சிரித்தார். “சரி, நீங்களே போடுங்க. ஆனா தங்கச்சியும் ஒத்துக்கணும். அதனால மூணு பேருக்குமே பொதுவா எழுதுங்க. கூலி நான் தாரேன்.”

“கூலியை மூணு பேரும் சேர்ந்து குடுக்கட்டும். மூணு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி. டின்னைக் கையோட கொண்டுபோங்க.”

வைரவநாதன் டின்னை எடுத்துக்கொண்டு போனார். எடுத்துப் போவதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த மூன்று வாரம் நிஸாம் சந்தனமலைக்கும் கடைக்கும் மாறி மாறி நடந்தார். ஏக்கர் கணக்கெடுத்தார், கொழுந்து நிறையைப் புத்தகத்தில் பார்த்தார், கடைச் சரக்கை எண்ணினார், முதலாளி தனக்குத் தானே கூட்டிக்கொண்ட சம்பளத்தைச் சாதாரண மனேஜர் சம்பளமாக மாற்றிப் போட்டு லாபத்தைத் திருத்தினார். கடனெல்லாம் போக முழுக் கம்பனியும் ஒரே ஆளின் கைக்குப் போனால் மூன்று லட்சம் பெறும் என்று தெரிந்தது. பிறகு உட்கார்ந்து எழுதினார். கடைசியில் எழுதிய பத்தியை மட்டும் மூன்று தடவை கிழித்துத் திருத்தினார். அந்தப் பத்தி இல்லாமல் அறிக்கை பொய்யாகாது, ஆனால் அரைகுறையாகும். அதை எழுதி முடித்தபோது, நெடுநாளாக யாரும் கேளாத ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன திருப்தி அவருக்கு வந்தது. கொஞ்சம் குறும்பும் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மளிகைக் கடையின் மேல்மாடியில் மூன்று பேரும் கூடினார்கள். அண்ணனும் தம்பியும் இரண்டு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை, நிஸாமைப் பார்த்துப் பேசினார்கள். தங்கராஜாவோடு அவர் மனைவி விசாலாட்சியும் வந்திருந்தாள். பரிமளம் ஜன்னலோரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். அறிக்கையின் தன் பிரதியை மடியில் வைத்து, வாசித்த வரிகளின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

“மொத்தக் கம்பனி மூணு லட்சம். ஆயிரத்தால் பிரிச்சா பங்குக்கு முந்நூறு” என்று நிஸாம் ஆரம்பித்தார். “கொழும்பு விலைப்படி பார்த்தா இருநூத்தி நாப்பது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற அறுபது ரூபாதான் அதிகாரத்துக்கு உள்ள விலை. முழுக் கம்பனியையும் வாங்கிறவன் அதைக் கூடக் குடுக்கிறான். டைரக்டர்மாரைப் போடலாம், நீக்கலாம், லாபப் பங்கு குடுக்கலாம், தோட்டத்தை வித்துரலாம். அதுக்காக.”

“கூட்டும்போது காலுன்னு எழுதியிருக்கீங்க. கழிக்கும்போது ஐஞ்சுல ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. எது சரி நானா?” என்று தங்கராஜா கேட்டார். அவர் ஆள் பருமன். எதையும் உரக்கக் கேட்பார்.

“ரெண்டும் அதே அறுபதுதான். இருநூத்தி நாப்பதுல அறுபது கால்வாசி. முந்நூறுல அறுபது ஐஞ்சுல ஒண்ணு. எதுல இருந்து எண்ணுறோம்ங்கிறதுதான் வித்தியாசம்.”

தங்கராஜா விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்.

“அடுத்தது, விக்க முடியாத குறை. கொழும்புல ஒரு தந்தி அடிச்சா நாளைக்கே பங்கை வித்துரலாம். இங்க? கம்பனிச் சட்டப்படி வெளியாளுக்கு விக்கணும்னா டைரக்டர்மார் சம்மதிக்கணும். வாங்க வர்றவனும், லாபப் பங்கே குடுக்காத கம்பனியில எத்தனை வருஷம் காத்திருக்கணுமோன்னு பயப்படுவான். இந்த மாதிரிக் குடும்பக் கம்பனிப் பங்கு கைமாறின ரெண்டு சங்கதி விசாரிச்சேன். ஒண்ணுல ஐஞ்சுல ஒண்ணு குறைச்சு வாங்கியிருக்கான், ஒண்ணுல மூணுல ஒண்ணு. இங்க கால்வாசி நியாயம்னு எனக்குப் படுது. இருநூத்தி நாப்பதுல அறுபது போக நூத்தி எண்பது.”

வைரவநாதனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “தங்கச்சி, கேட்டியா? நூத்தி எண்பது. நான் நூத்தி எண்பத்தஞ்சா தாரேன். கூடப் பிறந்தவன் இல்லியா?”

பரிமளம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். “நானா, ஒரு சந்தேகம். இந்த நூத்தி எண்பது யாரு குடுக்கிற விலைங்க?”

“யாருன்னு தெரியாத ஒரு ஆள் அம்மா. வாங்க இஷ்டமுள்ளவன், வாங்கியே தீரணும்னு இல்லாதவன். உங்க மாதிரி நாப்பது பங்கு வச்சிருக்கிறவங்களுக்கு வெளியில கிடைக்கக்கூடிய விலை.”

“எனக்கு வாங்க வர்றவங்க ரெண்டு பேரையும் பிறந்ததுல இருந்து தெரியுமே” என்றாள் அவள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரல் வைத்து வாசித்தாள்: “‘மேற்படி விலையில், இந்த நாற்பது பங்குகள் ஏற்கெனவே பங்கு வைத்திருக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தால் அவருக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட பங்கும் கம்பனியின் அதிகாரமும் கிடைக்கும் என்பதற்குரிய பெறுமதி சேர்க்கப்படவில்லை. அது அவரவர் பேசித் தீர்க்க வேண்டியது.’ இதுக்கு என்னங்க அர்த்தம்?”

கீழே கடையில் யாரோ சீனி நிறுக்கும் ஓசை கேட்டது.

“எழுதியிருக்கிறதுதான் அர்த்தம் அம்மா” என்றார் நிஸாம். “மூணு பேருக்கும் பொதுவா எழுதினது. ஒருத்தருக்கு மட்டும் விளக்கம் சொல்லக்கூடாது. மூணு பேரும் இருக்கிறதால சொல்றேன். ஐந்நூத்தியொரு பங்கு எவர் கையில இருக்கோ அவர் பங்கெல்லாம் ஒரே நாள்ல விலை ஏறும். நாப்பது பங்குக்குக் குடுக்கிற காசுல, தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற நானூத்திச் சொச்சம் பங்குக்கும் சேர்த்துத்தான் லாபம் பாப்பார்.”

விசாலாட்சி புருஷனின் கையை நறுக்கென்று கிள்ளியதை நிஸாம் பார்த்தார். வைரவநாதன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை அப்போதுதான் முதன்முதலாக வாசிக்கத் தொடங்கினார்.

நாலு நாள் கழித்துப் பரிமளம் மாடிப்படி ஏறி வந்தாள். கையில் இரண்டு கடிதங்கள். மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணன் எழுதியது: ‘அன்புள்ள தங்கச்சிக்கு. உன் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. பதினொரு பங்கு மட்டும் கொடு. பங்குக்கு முந்நூறு ரூபா தருகிறேன். மிச்ச இருபத்தொன்பதையும் உன் பிள்ளையின் கலியாணத்துக்கு வைத்துக்கொள்.’ தம்பி எழுதியது: ‘அக்காவுக்கு. முப்பத்தொரு பங்குக்கு முந்நூற்றைம்பது வீதம். மிச்சம் ஒன்பது உங்களுக்கு.’

“ரெண்டு பேருக்கும் என் மேல திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது” என்றாள் பரிமளம். “பதினொண்ணு, முப்பத்தொண்ணு! யாராவது பங்கை ஒத்தைப்படையில வாங்குவாங்களா நானா? நேத்து ராத்திரி சோறு வடிக்கும்போது கூட்டிப் பாத்தேன். நானூத்தித் தொண்ணூறோட பதினொண்ணு ஐந்நூத்தியொண்ணு. நானூத்தி எழுபதோட முப்பத்தொண்ணும் அதே.”

“நான் ஒண்ணும் சொல்லலை அம்மா.”

“நீங்க சொல்ல வேணாம். கேள்வி மட்டும் கேக்கிறேன், உங்க அறிக்கையில இருந்து. அண்ணனுக்குப் பதினொண்ணு குடுத்துட்டா, மிச்சம் இருபத்தொன்பதுக்கு என்ன விலை?”

“நூத்தி எண்பது. அதுவும் யாராவது வாங்கினா.”

பரிமளம் விழுந்து விழுந்து சிரித்தாள். தபால் கந்தோர்க்காரரின் விதவை அப்படிச் சிரிப்பாள் என்று நிஸாம் நினைத்ததில்லை. தானும் சிரிப்பை விட்டுவிட்டார். துணிக்கடையில் இருந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

“நாப்பதும் ஒரே கட்டுதான்” என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உடைக்க மாட்டேன். ரெண்டு பேரும் உறையில விலை எழுதி ஒட்டித் தரட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கடை மேல்மாடியில உடைப்பேன். நீங்க சாட்சியா வாங்க. காசு மூணு நாளைக்குள்ள கையில வரணும். வரலைன்னா அடுத்தவருக்கு, அவர் சொன்ன விலைக்கு.”

“சட்டம் தெரிஞ்ச புரக்டர் ஒருத்தரை வச்சுப் பத்திரம் எழுதிக்குங்க அம்மா” என்றார் நிஸாம். அது ஒன்றுதான் அவர் கொடுத்த புத்திமதி.

அந்த ஒரு வாரத்தில் நடந்ததை நிஸாம் பிறகுதான் அறிந்தார். போட்டியென்றால் காசு போய்விடும் என்று அண்ணனுக்கும் பயம், தம்பிக்கும் பயம். இரண்டு வருஷமாகப் பேசாத இருவரும் அப்புத்தளை ஸ்டேஷனில், யாரும் பார்க்காமல், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரிச் சந்தித்துப் பேசினார்கள். யோசனை அண்ணனுடையது. இருவரும் உறையில் இருநூறு ரூபா என்று எழுதுவது. விலை சரிசமமாக வந்தால் பங்கை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. “நியாயமா பாதிப் பாதி, தம்பி. அப்பா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்” என்று கண் கலங்கினாராம். தங்கராஜாவும் கண் கலங்கினாராம். மூடுபனியில் யார் எதற்காகக் கலங்கினார்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பரிமளம் இரண்டு உறைகளையும் உடைத்தாள். முதல் உறையில் இருநூறு. இரண்டாவதிலும் இருநூறு.

“என்னங்க இது, சொல்லி வச்ச மாதிரி?” என்றாள்.

“ரத்தம் இல்லியா தங்கச்சி. ஒரே மாதிரித்தான் யோசிப்போம்” என்றார் வைரவநாதன். “விலை சமமா வந்துருச்சு. ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிறோம். சண்டை வேணாம்.”

தங்கராஜாவும் தலையாட்டினார். பரிமளம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நிஸாம் எதிர்பார்த்தார். அவளோ அடக்கமாக, “அண்ணன் சொன்னா சரிதான்” என்றாள். “நானா, பங்குப் புத்தகத்தில எப்படி எழுதுவீங்களோ அப்படியே வாசிங்க. நான் கையெழுத்துப் போட்டுர்றேன்.”

நிஸாமுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஏன் வாசிக்கச் சொல்கிறாள் என்பதும் உறைத்தது. வாசிப்பதில் பாரபட்சம் ஏதும் இல்லை, எண்கள் எண்கள்தான். புத்தகத்தைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி, மசூதியில் அறிவிப்புச் சொல்வதுபோல வாசித்தார்.

“திரு வைரவநாதன். இருந்தது நானூற்றுத் தொண்ணூறு. சேர்ந்தது இருபது. மொத்தம் ஐந்நூற்றுப் பத்து. திரு தங்கராஜா. இருந்தது நானூற்றெழுபது. சேர்ந்தது இருபது. மொத்தம் நானூற்று—”

“நிப்பாட்டுங்க!” என்று விசாலாட்சி கத்தினாள். அவள் கை புருஷனின் தோளில் அறைந்தது. “ஐந்நூத்திப் பத்தாம்! பாதிப் பாதின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்தீங்களே, உங்களை நீங்களே வித்துட்டு வந்திருக்கீங்க!”

தங்கராஜாவின் பருத்த முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. “அண்ணே! அப்பா பேரைச் சொல்லி!”

“அட, எனக்கும் இப்பத்தான் தெரியும் தம்பி. கணக்கு எனக்கு எங்க வருது?” என்றார் வைரவநாதன்.

“உங்களுக்கா கணக்கு வராது? இருநூத்தி ஐம்பது!” என்றார் தங்கராஜா மேசையில் தட்டி.

“உறை உடைச்சாச்சு. இனி ஏத்தக்கூடாது.”

“விக்கிறவ நான்தான் அண்ணே” என்றாள் பரிமளம். “எனக்கு ஆட்சேபம் இல்லை. பேசுங்க.”

பேசினார்கள். முந்நூறு. முந்நூற்றைம்பது. நானூறு வந்தபோது வைரவநாதன் கோட்டைக் கழற்றினார். ஐந்நூறு வந்தபோது கீழே கடையில் சீனி நிறுப்பது நின்று, வேலையாட்கள் படியடியில் கூடினார்கள். அறுநூறில் தங்கராஜா தண்ணீர் கேட்டார். நிஸாம் ஒவ்வொரு விலையையும் சொன்ன நேரத்தோடு எழுதிக்கொண்டே வந்தார். அறிக்கை எழுதுமுன் அவர் தனக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்: அதிகாரம் கையில் வந்தால் அண்ணனுக்கானாலும் தம்பிக்கானாலும் இந்த நாற்பது பங்கு ஒன்று ஆயிரத்துக்கு மேலேயே பெறும். அதனால் எண்கள் ஏற ஏற அவருக்கு ஆச்சரியம் வரவில்லை. ஆச்சரியப்பட்டது ஒரே விஷயத்துக்குத்தான்: பரிமளம் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. விலை ஏறும்போதெல்லாம் தலையை லேசாகச் சாய்த்தாள். பாட்டுக் கேட்பவள் மாதிரி.

“தொள்ளாயிரத்து நாப்பது” என்றார் வைரவநாதன்.

“தொள்ளாயிரத்தைம்பது” என்றார் தங்கராஜா.

வைரவநாதன் மேசையில் விரலால் ஏதோ எழுதிப் பார்த்தார். மனசுக்குள் அவர் போட்ட கணக்கு நிஸாமுக்குக் கண்ணாடிபோலத் தெரிந்தது: நாற்பது பங்குக்கு முப்பத்தெட்டாயிரம். தம்பியிடம் அவ்வளவு ரொக்கம் ஏது? மூன்று நாளில் புரட்ட முடியாமல் போனால் பங்கு தன் விலைக்குத் தனக்கே வரும். சும்மா எதற்குப் பத்து ரூபா கூடக் கொடுக்க வேண்டும்? அவர் நாற்காலியில் சாய்ந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, பெருந்தன்மையாகச் சிரித்தார். “எடுத்துக்க தம்பி. காசு இருந்தா எடுத்துக்க.”

தம்பியிடம் காசு இல்லை. ஆனால் அவர் அப்புத்தளையில் கண் கலங்குமுன், ஒரு வேளை அண்ணன் ஏமாற்றினால் என்ற யோசனையில், விசாலாட்சி வட்டிக்குக் கொடுக்கும் பதுளைச் செட்டியாரிடம் வீட்டுப் பத்திரத்தோடு போய்விட்டு வந்திருந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் செட்டியாரின் ஆள் நோட்டுக்கட்டுகளோடு புரக்டர் கந்தோரில் வந்து உட்கார்ந்தான். பரிமளம் ஒவ்வொரு கட்டையும் பிரித்து எண்ணினாள். எண்ணி முடிய ஒரு மணிநேரமாயிற்று. பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். பங்குப் புத்தகத்தில் தங்கராஜாவின் பெயருக்கு நேரே ஐந்நூற்றுப் பத்து என்று நிஸாமே எழுதினார்.

அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் போர்டு மாறியது. வைரவநாதனின் மச்சான் வீட்டுக்குப் போனார். வைரவநாதனின் சம்பளமும் அவரோடு போனது. வைரவநாதன் மேசையின் தூரத்து முனையில் உட்கார்ந்து, தம்பி கம்பனியை எப்படிப் பாழாக்கப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கராஜா எழுந்து, தொண்டையைக் கனைத்து, “பங்குக்குப் பன்னிரண்டு ரூபா லாபப் பங்கு” என்று அறிவித்தார்.

வைரவநாதன் நிமிர்ந்தார். “என்ன?”

“செட்டியாருக்கு வட்டி கட்டணும் அண்ணே. எனக்குக் காசு வரணும்னா எல்லாருக்கும்தான் வரணும். எனக்கு மட்டும் குடுக்கச் சட்டம் இல்லையாம். நிஸாம் நானாகிட்ட கேட்டேன்.”

நானூற்றுத் தொண்ணூறு பங்குக்கு ஐயாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபா. அப்பா போனபின் தன் பங்குக்குக் கிடைத்த முதல் காசு அது. வைரவநாதனின் முகம் இரண்டு பக்கமும் இழுபட்டது. தோற்றதற்கு அழுவதா, வந்ததற்குச் சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் காசோலையை வாங்கி, இரண்டாக மடித்து, உள்பையில் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பரிமளம் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை; வர அவளுக்கு இனி உரிமையும் இல்லை. அன்று காலை ரயிலில் மகளோடு கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். முந்தின நாள் நிஸாமிடம் புரோக்கர் ஒருவரின் விலாசம் வாங்கியிருந்தாள்.

“பங்கே வேணாம்னு நினைச்சேன் நானா” என்று சொல்லியிருந்தாள். “பிறகு யோசிச்சேன். பங்கு மேல என்ன தப்பு? எனக்கு வேண்டியது, இஷ்டப்பட்டப்ப விக்கிற மாதிரிப் பங்கு. பத்து கம்பனியில கொஞ்சம் கொஞ்சமா. எங்கேயும் என் கையெழுத்துக்காக யாரும் பலாப்பழம் தூக்கிட்டு வரக்கூடாது.”

“அதுல அதிகாரம் ஒண்ணும் இருக்காது அம்மா.”

“எனக்கு அதிகாரம் எதுக்குங்க?” என்று கேட்டாள் பரிமளம். “ஒரு பின்னேரம் வச்சிருந்து பாத்தாச்சு. நல்ல விலைக்குப் போச்சு.”